புதுப்பிப்பு: அப்பா திதிக்குப் பாடியவை

முன்பு கேட்டிருந்தது: "அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம். திதியன்று அழ வைக்காத, மென்மையான பாட்டு சொல்லுங்களேன்."

டர்பனில் வீட்டிலேயே ஞாயிறன்று முடிந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கான பாட்டுகளை அனுப்பிய அண்ணனுக்கும் நன்றி. நான் கேட்டது வேறு, பரவாயில்லை.

'குறை ஒன்றும் இல்லை'தான் பலர் சொன்னது. எம்.எஸ். எழுதியது என்றார் ஒருவர். பாடியது அவர், எழுதியது ராஜாஜி. ஒத்திகையில் பல்லவி முடிவதற்குள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொடக்கம் சிவரஞ்சனி ராகம், சொல் என்னவோ நிறைவு, ராகம் உருக்கும் என்றார் ஆர்மோனியம் வாசிக்கும் அத்தை. அதை விட்டுவிட்டோம்.

அவர் எடுத்துக் கொடுத்தது அப்பரின் 'மாசில் வீணையும் மாலை மதியமும்'. வீணை, நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்று குளிர்ச்சியாகவே போய், 'ஈசன் எந்தை இணையடி நீழலே' என்று முடியும். எந்தை என்றால் என் அப்பா என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நாலே வரி. தமிழ் படிக்கத் தெரியாதவர்கள்கூட இரண்டு மாலையில் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

முதல் தடவை ஒப்பாரி மாதிரியே கேட்டது! சுருதி உயரம், எட்டாத குரல்கள் இழுத்து இழுத்துப் பாடின. ஒரு கட்டை இறக்கி, கையால் தாளம் தட்டிக்கொண்டு பாடியதும் சரியாகிவிட்டது. மூன்று முறை பாடினோம்.

அப்பாவுக்குப் பிடித்த சினிமாப் பாட்டும் வேண்டும் என்கிறான் தம்பி. படையலுக்கு முன்னால் கூடாது என்கிறார் பெரியப்பா. அந்த வழக்கு அடுத்த வருஷத்துக்கு.