ரிப்போர்ட் கார்டு ரிமார்க்ஸ் எழுத ஹெல்ப் பண்ணுங்க டீச்சர்ஸ்

எல்லாருக்கும் வணக்கம், நான் நாலாம் வகுப்புக்கு கணக்கு எடுக்கிறேன். என் கிளாஸ்ல ஒரு பொண்ணு, பத்து வகுத்தல் கணக்கு குடுத்தா மத்த பிள்ளைங்க பாதி போறதுக்குள்ள முடிச்சிட்டு நோட்டை மூடி வச்சிடுவா, எல்லாமே சரியாவும் இருக்கும். அப்புறம் சும்மா உக்காந்திருப்பா, இல்லன்னா பக்கத்துப் பிள்ளைக்கு விடையைச் சொல்லிடுவா.

கூடுதலா இன்னும் பத்து குடுத்தா அது அவளுக்குத் தண்டனை மாதிரி ஆயிடுது, மெதுவா செஞ்சாலே போதும்னு பழகிடுவா. அதனால போன வாரம் வேற மாதிரி ஒண்ணு குடுத்தேன்: 53 பேர் டூர் போறாங்க, ஒரு வேன்ல 12 பேர் தான் உக்காரலாம், எத்தனை வேன் வேணும்? டக்குனு "4, மீதி 5"னு எழுதிட்டா. மீதி அஞ்சு பேர் எப்படிம்மா போவாங்கன்னு கேட்டதும் யோசிச்சு 5 வேன்னு மாத்தினா, அன்னைக்குத் தான் அவ முகத்துல ஒரு ஆர்வமே பார்த்தேன்.

இப்போ ரிமார்க்ஸ் கட்டத்துல மூணு வரி தான் இடம். நான் எழுதினது: "வகுத்தலை வேகமாகவும் பிழையின்றியும் செய்கிறாள். விடைக்கு என்ன பொருள் என்று விளக்கும் கணக்குகள் அடுத்த பருவத்தில் தரப்படும். வீட்டில் அவளையே கணக்கு உருவாக்கச் சொல்லுங்கள்."

"சவால் தேவை"ன்னு எழுதினா பெத்தவங்க டியூஷன்ல சேர்த்துடுறாங்க, அதான் தவிர்த்தேன். ரெண்டாவது வரி குறை சொல்ற மாதிரி இருக்கா? எப்படி மாத்தலாம்? வெள்ளிக்கிழமை கார்டு குடுக்கணும்.