கலைச்சொல் தேவை: சீம்பாலை அளக்கும் மிதவைக்கும், ஃப்ரீசரில் வைத்த சீம்பாலுக்கும்

தணிகை, அம்பத்தூர்:

அனைவருக்கும் வணக்கம். மாடு வளர்ப்போருக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழில் செப்பம் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் சொல் தட்டுகிறது.

முதலாவது, கொலஸ்ட்ரோமீட்டர். கண்ணாடியாலான மிதவை. கன்று ஈன்றதும் கறந்த சீம்பாலில் மிதக்கவிட்டால், அதன் கழுத்தில் உள்ள பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகளில் எது பாலின் மட்டத்துக்கு நேராக நிற்கிறது என்று பார்த்து, கன்றைக் காக்கும் நோய் எதிர்ப்புப் புரதம் போதுமா என்று முடிவு செய்கிறார்கள். இதற்குச் 'சீம்பால் தரமானி' என்று போட்டிருக்கிறேன்.

இரண்டாவது, கன்று குடித்தது போக மிஞ்சுவதை ஃப்ரீசரில் வைத்து, பின்னால் பிறக்கும் கன்றுகளுக்குக் கொடுப்பது. இதை 'உறை சீம்பால்' என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் நிற்குமா?

முருகேசன், ராயபுரம்:

ஹைட்ரோமீட்டருக்குத் திரவமானி, லாக்டோமீட்டருக்குப் பால்மானி என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். இதுவும் ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான். அடர்த்தி கூடினால் மிதவை மேலே நிற்கும், குறைந்தால் அமிழும். சீம்பாலும் பால்தானே? பால்மானி என்றே விட்டுவிடலாம். கருவியைக்கூடத் தனியாக வாங்க வேண்டாம், சொசைட்டியில் இருக்கும் பால்மானியே போதும்.

கல்பனா, வேப்பேரி:

சார், தத்துவம் ஒன்றுதான். ஆனால் சொசைட்டிப் பால்மானியைச் சீம்பாலில் விட்டால் அளவே படிக்க முடியாது. சாதாரணப் பாலின் ஒப்படர்த்தி 1.028, 1.030 அளவில் இருக்கும். பால்மானியின் கோடுகள் 1.040 வாக்கில் முடிந்துவிடும். நல்ல சீம்பாலோ 1.047-க்கு மேல் இருக்கும். பால்மானி அதில் அளவுகோல் முழுக்க வெளியே தெரிய நின்றுவிடும். கையேட்டில் 'பால்மானி' என்று இருந்தால் வீட்டில் இருப்பதைத்தான் எடுத்துப் போடுவார்கள். அதனால் தனிப் பெயர் வேண்டும்.

தணிகை தம்பி சொன்ன 'தரமானி'யில் எனக்கு வேறு தயக்கம். அந்தக் கருவி தரத்தை அளக்கவில்லை, அடர்த்தியை அளக்கிறது. சீம்பாலில் எதிர்ப்புப் புரதம் நிறைய இருப்பதால் அடர்த்தி கூடுகிறது என்பதை வைத்து, 1.047-க்கு மேல் என்றால் லிட்டருக்குச் சுமார் 50 கிராம் இருக்கும் என்று பச்சைப் பட்டை போட்டிருக்கிறார்கள். 1.035-க்குக் கீழே சிவப்பு. நடுவில் மஞ்சள். இது மறைமுகமான கணிப்பு. மற்றப் புரதம், கொழுப்பு, வெப்பநிலை எல்லாம் அந்த எண்ணில் கலந்திருக்கும். மடிநோய் உள்ள மாட்டின் சீம்பாலில் பச்சை காட்டினாலும் அது கொடுக்கத்தக்கதல்ல. 'தரமானி' என்றால் பச்சை பார்த்தவர் அதோடு நிம்மதியாகிவிடுவார்.

என் ஓட்டு 'சீம்பால்மானி'க்கு.

ரகு, புழல்:

பெயர் எதுவாக இருந்தாலும் சரி, எனக்கு இன்றைக்கே ஒரு பதில் வேண்டும். ஜெர்சி கலப்பு மாடு விடியற்காலையில் ஈன்றது. கன்று 24 கிலோ. கறந்த உடனே உயரமான குடுவையில் ஊற்றி மிதவையை விட்டேன், 1.044-ல் மஞ்சளில் நிற்கிறது. கன்றுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு லிட்டர்போல மிஞ்சும். மஞ்சள் என்றால் ஃப்ரீசரில் வைப்பது வீண்தானே? பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள், கொடுத்துவிடவா?

கல்பனா, வேப்பேரி:

கொடுத்துவிடாதீர்கள் ரகு, கொஞ்சம் பொறுங்கள். மடியிலிருந்து வந்த பால் 37, 38 டிகிரியில் இருக்கும். உங்கள் மிதவை 20 முதல் 22 டிகிரிக்கு அளவு குறிக்கப்பட்டது. சூட்டில் திரவம் விரிந்து அடர்த்தி குறைவதால், நல்ல சீம்பாலும் மட்டமாகத் தெரியும். சென்னையில் அறைச் சூட்டுக்கு ஆறவிட்டாலும் 30-க்குக் கீழே வராது. குடுவையை ஐஸ் போட்ட தண்ணீரில் நிறுத்தி, மெதுவாகக் கலக்கி, வெப்பமானியில் 22 பார்த்த பிறகு மறுபடி விடுங்கள். நுரை இருந்தால் குடுவையை விளிம்பு வரை நிரப்பி, நுரையை வழியவிட்டுவிட்டு மிதவையை இறக்குங்கள். நுரைக்குள் கோட்டைத் தேடினால் ஆளுக்கு ஒரு எண் சொல்வோம்.

ஃப்ரிஜ்ஜில் வைத்து ரொம்பக் குளிர்ந்ததை அளந்தால் இதற்கு நேர்மாறு, மட்டமான சீம்பால் பச்சை காட்டும். அதுதான் அதிக ஆபத்து.

இதெல்லாம் மிஞ்சியதற்குத்தான். கன்றுக்குக் கொடுப்பதை இதற்காக நிறுத்த வேண்டாம். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை லிட்டர் அளவுக்கு உள்ளே போகட்டும். நேரம் ஆக ஆகக் கன்றின் குடல் அந்தப் புரதத்தை முழுதாக உள்ளே விடுவது குறைந்துகொண்டே வந்து, ஒரு நாளில் நின்றுவிடும்.

ரகு, புழல்:

22-க்குக் கொண்டுவந்து அளந்தேன் டாக்டரம்மா. 1.049. பச்சையில் நிற்கிறது. கன்று இரண்டரை லிட்டரும் குடித்துவிட்டது.

சரோஜா, மயிலாப்பூர்:

எங்கள் வீட்டில் மாடு இருந்த காலத்தில் மானியும் கிடையாது, வெப்பமானியும் கிடையாது. மஞ்சளாக, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் முதல் தரம். அவ்வளவுதான். அது இருக்கட்டும், ஃப்ரீசரில் வைத்து எடுத்த சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்தால் பழையபடி கட்டியாகுமா? கடையில் விற்பது சீம்பால் மாதிரியே இல்லை.

கல்பனா, வேப்பேரி:

சரோஜா அம்மா, பேச்சு கன்றுக்கான சீம்பாலைப் பற்றி. இருந்தாலும் நீங்கள் கேட்டது இங்கே நன்றாகப் பொருந்துகிறது. ஆவியில் வைத்ததும் சீம்பால் இறுகுகிறதே, அது அந்தப் புரதங்கள் சூட்டில் குலைவதால். நமக்கு அது ருசி, கன்றுக்கு அது நஷ்டம். அதனால்தான் ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை அடுப்பில் காய்ச்சக் கூடாது என்கிறோம். 50 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் பையோடு போட்டு இளக்கி, 38, 39 டிகிரி சூட்டில் புகட்ட வேண்டும். 60-ஐத் தாண்டினால் புரதம் குலைய ஆரம்பித்துவிடும். பையின் ஓரத்தில் திட்டுத்திட்டாக இறுகியிருந்தால் தண்ணீர் ரொம்பச் சூடாக இருந்தது என்று அர்த்தம்.

நிறத்தையும் பிசுபிசுப்பையும் மட்டும் நம்ப முடியாது. மஞ்சள் நிறம் பெரும்பாலும் கொழுப்போடு வருவது. நல்ல மஞ்சளாக இருந்தும் மிதவை சிவப்பில் நிற்பதுண்டு.

தணிகை, அம்பத்தூர்:

சரி, 'தரமானி'யை எடுத்துவிடுகிறேன். ஆனால் இன்னொரு சிக்கல். இப்போது சிலர் மிதவைக்குப் பதிலாக, ஒரு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரைப் பயன்படுத்துகிறார்கள். அதில் பிரிக்ஸ் 22 சதவீதம் இருந்தால் நல்லது என்கிறார்கள். 'சீம்பால்மானி' என்றால் அதையும் குறிக்காதா? 'சீம்பால் மிதவைமானி' என்று போடவா?

முருகேசன், ராயபுரம்:

மானி என்றாலே போதும், மிதவை எதற்கு? வெப்பமானிக்குப் பாதரசவெப்பமானி என்றா சொல்கிறோம்? மற்றதற்கு ஒளிவிலகல்மானி என்று ஏற்கனவே பெயர் இருக்கிறது, அது சர்க்கரை ஆலையிலும் உண்டு.

ரகு, புழல்:

மானியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் 'உறை சீம்பால்' பற்றிச் சொல்ல வந்தேன். எங்கள் தொழுவத்தில் வேலை செய்யும் அண்ணனிடம் "சீம்பாலை உறை வை" என்றால் மோர் ஊற்றி வைத்துவிடுவார். உறை என்றால் அவருக்கு உறைமோர்தான்.

கல்பனா, வேப்பேரி:

ரகு சொன்னது சிரிப்புக்கு இல்லை. புளிக்கவைத்த சீம்பால் என்று உண்மையாகவே ஒன்று உண்டு. மிஞ்சியதைப் புளிக்கவிட்டு, கொஞ்சம் வளர்ந்த கன்றுகளுக்கு உணவாகக் கொடுப்பார்கள். ஆனால் பிறந்த கன்றின் முதல் பாலாக அது உதவாது, எதிர்ப்புப் புரதத்தை அதில் நம்ப முடியாது. ஆக 'உறை சீம்பால்' என்ற சொல், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுக்கவைக்கும். மாற்றியே ஆக வேண்டும்.

முருகேசன், ராயபுரம்:

உறைநிலை, உறைதல் எல்லாம் இயற்பியலில் நிலைத்துப்போன சொற்கள். தொழுவத்துக்காக அதை விட முடியுமா? 'உறைநிலைச் சீம்பால்' என்றால் குழப்பம் வராது.

தணிகை, அம்பத்தூர்:

'பனிச் சீம்பால்'? சுருக்கமாக இருக்கிறது.

சரோஜா, மயிலாப்பூர்:

பனிச் சீம்பால் என்றால் குல்ஃபி மாதிரி ஏதோ கடையில் விற்கிறார்கள் என்று நினைப்பேன்.

ரகு, புழல்:

மிஞ்சிய இரண்டு லிட்டரை என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள். ஒரு லிட்டர் வீதம் ஜிப் பையில் ஊற்றி, காற்றை நசுக்கி வெளியேற்றி, கிழிந்தால் ஒழுகாமல் இருக்க இன்னொரு பைக்குள் போட்டு, தட்டில் படுக்கவைத்துத் தட்டையாக ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். மேலே மாட்டின் பெயர், தேதி, 1.049 என்று எழுதியிருக்கிறேன். எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகிறது. அது இளகி மறுபடி இறுகியிருந்தால் எப்படித் தெரியும்?

கல்பனா, வேப்பேரி:

தட்டையாக வைத்தது நல்லது, சீக்கிரம் இறுகும், எடுக்கும்போது சீக்கிரம் இளகும். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை ஐஸாக்கி, அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். காசு மேலேயே இருந்தால் பிரச்சினை இல்லை. கீழே இறங்கிப்போயிருந்தால் நீங்கள் பார்க்காத நேரத்தில் எல்லாம் உருகியிருக்கிறது. அந்தப் பையைப் பிறந்த கன்றுக்கு நம்பிக் கொடுக்காதீர்கள். மறுபடி இறுகவைக்கவும் வேண்டாம். தடங்கல் இல்லாமல் மைனஸ் 20-ல் இருந்தால் ஒரு வருடம் வரை வைக்கலாம். கதவை அடிக்கடி திறக்கும் வீட்டு ஃப்ரீசரில் அவ்வளவு நாள் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. அந்த மாட்டுக்கு கன்றுவீச்சு நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா? குளிரில் புரதம் கெடாது, கிருமியும் சாகாது. வேறு மாட்டின் கன்றுக்குப் போகிற பால் என்பதால் கேட்கிறேன். பல மாடுகளின் சீம்பாலை ஒரே பையில் கலப்பதையும் இதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

ரகு, புழல்:

இன்னும் செய்யவில்லை. அந்த இரண்டு பைகளையும் தனியாக ஓரத்தில் வைக்கிறேன். முடிவு வந்த பிறகுதான் எடுப்பேன்.

தணிகை, அம்பத்தூர்:

கருவிக்கு 'சீம்பால்மானி' என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் "மிதக்கும் கண்ணாடிக் கருவி" என்று ஒரு வரி இருக்கும். மற்றதற்கு இப்போதைக்கு 'ஃப்ரீசர் சீம்பால்' என்றே விட்டிருக்கிறேன்.

முருகேசன், ராயபுரம்:

கலைச்சொல் கேட்டுவிட்டு ஃப்ரீசரில் கொண்டுபோய் நிறுத்திவிட்டீர்களே. 'உறைநிலைச் சீம்பால்' என்பதை நான் இன்னும் விடவில்லை.

ரகு, புழல்:

சார், எங்கள் அண்ணன் பை மேல் 'ஐஸ் சீம்பு' என்று எழுதிவிட்டார்.