கலைச்சொல் வேண்டல்: மெயின்போர்டு, எஸ்எம்இ பிளாட்பார்ம்

அனுப்புநர்: வணிகவியல் ஆசிரியை, பாளையங்கோட்டை

குழுவினருக்கு வணக்கம். எங்கள் கல்லூரியில் தமிழ்வழியில் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்காகப் பங்குச் சந்தைச் சொற்பட்டியல் ஒன்றைத் தயாரித்துவருகிறேன். அதில் இரண்டு சொற்கள் என்னை நிறுத்திவிட்டன. பங்குச் சந்தையில் ஒரு நிறுவனம் மெயின்போர்டில் பட்டியலாகலாம், அல்லது 2012இல் மும்பைப் பங்குச் சந்தையும் தேசியப் பங்குச் சந்தையும் தொடங்கிய எஸ்எம்இ பிளாட்பார்மில் பட்டியலாகலாம். முதலாவதற்கு 'முதன்மைச் சந்தை' என்றும் இரண்டாவதற்கு 'சிறு நடுத்தர நிறுவனத் தளம்' என்றும் எழுதிப் பாடம் நடத்தினேன்.

தேர்வுத்தாளைத் திருத்தும்போதுதான் பிழை தெரிந்தது. புதுப் பங்குகள் முதன்முறையாக விற்கப்படும் இடத்தை முதன்மைச் சந்தை என்று பாடநூல் ஏற்கெனவே அழைக்கிறது. ஆகவே பாதி மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக்கி, எஸ்எம்இ நிறுவனங்கள் புதுப் பங்கே வெளியிட முடியாது என்று எழுதியிருந்தார்கள். மாணவர்கள் மேல் குற்றமில்லை, சொல்தான் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது. பொருத்தமான சொற்களைத் தாருங்கள்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், தூத்துக்குடி

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். இதில் இவ்வளவு தயக்கம் தேவையில்லை என்பது என் கருத்து. விற்றுமுதல் பெரிதாக உள்ள நிறுவனம் மெயின்போர்டுக்குப் போகிறது, சிறிதாக உள்ள நிறுவனம் எஸ்எம்இ பக்கம் போகிறது. அரசு 2025 ஏப்ரல் முதல் சிறு நிறுவனத்துக்கு 100 கோடி, நடுத்தர நிறுவனத்துக்கு 500 கோடி என்று விற்றுமுதல் உச்சவரம்பை உயர்த்தியிருக்கிறது. அந்த 500 கோடிதான் கோடு. எங்கள் ஊரில் பிறந்த தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 2022 செப்டம்பரில் மெயின்போர்டில் பட்டியலானதற்கு அதன் பருமனே காரணம். எனவே 'பெருநிறுவனப் பட்டியல்', 'சிறுநிறுவனப் பட்டியல்' என்று வைத்தால் பள்ளிப்பிள்ளைக்கும் விளங்கும்.

அனுப்புநர்: இல்லத்தொழில் நடத்துபவர், கல்லிடைக்குறிச்சி

அண்ணாச்சி சொன்னதைப் படித்ததும் என் சந்தேகத்தையும் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். நானும் என் அண்ணனும் அப்பளத் தொழில் செய்கிறோம். உத்யம் சான்றிதழில் எங்களுக்குச் 'சிறு நிறுவனம்' என்று போட்டிருக்கிறது. அப்படியானால் நாங்கள் அந்த எஸ்எம்இ சந்தையில் சேர்ந்தவர்கள்தானே? சேர்வதற்கு எந்த அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்? மெயின்போர்டு என்பது நிறுவனத்தின் இயக்குநர் குழு என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அதுவும் தவறென்றால் சொல்லுங்கள்.

அனுப்புநர்: நிறுவனச் செயலர், திருநெல்வேலி டவுண்

தங்கச்சியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சொல் எங்கே வழிதவறுகிறது என்பதை அது காட்டிவிட்டது. உத்யம் சான்றிதழ் இயந்திர முதலீட்டையும் விற்றுமுதலையும் பார்த்துத் தரப்படுவது. வங்கிக் கடனுக்கும் அரசுச் சலுகைக்கும் அது பயன்படும். பங்குச் சந்தை அந்தச் சான்றிதழைக் கேட்பதே இல்லை. அண்ணனும் தங்கையும் கூட்டாக நடத்தும் தொழிலில் விற்பதற்குப் பங்கே கிடையாது. முதலில் அது பங்குகளால் அமைந்த பொது வரையறு நிறுவனமாக வேண்டும். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2025ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டிலாவது ஒரு கோடி ரூபாய் இயக்க இலாபமும் காட்டியாக வேண்டும். மெயின்போர்டு என்பதில் உள்ள 'போர்டு' இயக்குநர் குழு அன்று, பங்கு விற்பனைக்கு இடப்படும் பட்டியலைக் குறிப்பது.

இனி அண்ணாச்சியின் கருத்துக்கு வருகிறேன். பருமன் என்று அவர் சொன்னது சரி, ஆனால் எதன் பருமன் என்பதில் வேறுபடுகிறேன். செபியின் 2018ஆம் ஆண்டு விதிமுறை விற்றுமுதலைப் பார்ப்பதில்லை. வெளியீடு முடிந்தபின் நிற்கும் செலுத்திய மூலதனத்தை, அதுவும் முகமதிப்பில், பார்க்கிறது. அது 10 கோடிக்குள் இருந்தால் நிறுவனத்துக்கு எஸ்எம்இ வழி மட்டுமே உண்டு. 10 கோடியைத் தாண்டி 25 கோடி வரை இருந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 25 கோடிக்கு மேல் போனால் எஸ்எம்இ வழியில் நுழைய முடியாது.

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலை நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து ரூபாய் முகமதிப்பில் 90 லட்சம் பங்குகள் அதற்கு உண்டு, ஆகவே செலுத்திய மூலதனம் 9 கோடி. அது 30 லட்சம் புதுப் பங்குகளைப் பங்கு 90 ரூபாய்க்கு விற்கிறது. கைக்கு வருவது 27 கோடி. ஆனால் முகமதிப்புக் கணக்கில் கூடுவது 3 கோடி மட்டுமே. மீதி 24 கோடி பிரீமியமாகத் தனிக் கணக்கில் நிற்கும். மூலதனம் இப்போது 12 கோடி. ஆலைக்கு மெயின்போர்டு வாசல் திறந்திருப்பதுபோல் தோன்றும். ஆயினும் இலாபத் தகுதி வழியில் நுழைய மூன்று ஆண்டுச் சராசரி இயக்க இலாபம் 15 கோடி வேண்டும். ஆண்டுக்கு 6 கோடி ஈட்டும் ஆலைக்கு அது எட்டாது. வெளியீட்டில் முக்கால் பங்கை மியூச்சுவல் ஃபண்டு போன்ற நிறுவன முதலீட்டாளர்கள் வாங்கினால்தான் உள்ளே வரலாம் என்று இன்னொரு வழி இருக்கிறது. 27 கோடி வெளியீட்டைத் தேடி அவர்கள் வருவது அரிது. எனவே ஆலை எஸ்எம்இயில் பட்டியலாகிறது.

சில ஆண்டுகள் கழித்து அதே ஆலை, பிரீமியமாக நிற்கும் அந்த 24 கோடியைக் கொண்டு ஒரு பங்குக்கு இரண்டு போனஸ் பங்கு கொடுக்க நினைக்கிறது. மூலதனம் 36 கோடியாகும், 25 கோடிக் கோடு தாண்டப்படும், மெயின்போர்டுக்கு மாறும் கேள்வி எழும். மாறுவதற்குப் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும். நிறுவனர் தரப்பு அல்லாத பங்குதாரர்களில் எதிர்த்து விழும் வாக்குகளைப்போல் இரண்டு மடங்காவது ஆதரவாக விழ வேண்டும். ஆனால் ஆலையில் ஒரு மூட்டை நெல் கூடுதலாக அரைக்கப்படவில்லை. வெளியிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை. கணக்கேட்டில் ஒரு தலைப்பிலிருந்த தொகை இன்னொரு தலைப்புக்கு மாறியது, அவ்வளவுதான். இதைச் 'சிறுநிறுவனம் பெருநிறுவனம் ஆனது' என்று நம் சொல் சொல்லுமானால், அது படிப்பவரை ஏமாற்றும்.

ஆகவே நிறுவனத்தை விட்டுவிட்டு மூலதனத்தைச் சொல்லும் பெயராக 'சிறுமுதல் பட்டியல்' என்பதை முன்வைக்கிறேன். கைமுதல், முதல்போட்டவர் என்று நம் கடைத்தெருவில் இன்றும் வழங்கும் சொல் அது.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், தூத்துக்குடி

நான் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகியவன். அந்த அளவுகோலையே இங்கும் கொண்டுவந்துவிட்டேன், ஏற்றுக்கொள்கிறேன். மெர்க்கன்டைல் வங்கியின் கணக்கை இப்போது போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 15.83 கோடிப் பங்குகள், பங்குக்குப் பத்து ரூபாய் முகமதிப்பு, ஆகவே மூலதனம் 158 கோடி. வெளியீட்டு விலையான 510 ரூபாயில் மதிப்பிட்டால் அதுவே 8,000 கோடியைத் தாண்டுகிறது. எந்த அளவில் பார்த்தாலும் அந்த வங்கிக்கு மெயின்போர்டுதான். சரி, சிறுமுதலை ஒப்புகிறேன். அதற்கு இணையாக மெயின்போர்டைப் 'பெருமுதல் பட்டியல்' என்று சொல்லிவிட்டால் சொல் இரட்டையாக அழகாக அமையுமே?

அனுப்புநர்: நிறுவனச் செயலர், திருநெல்வேலி டவுண்

அழகாக அமையும், ஆனால் உண்மையாகாது அண்ணாச்சி. சென்னையின் எம்ஆர்எஃப் டயர் நிறுவனத்தைப் பாருங்கள். 2023இல் அதன் ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நாடு முழுவதும் தெரிந்த அந்த நிறுவனத்தின் செலுத்திய மூலதனம் 4.24 கோடி ரூபாய்தான், ஏனென்றால் 42 லட்சத்துச் சொச்சம் பங்குகளே உள்ளன. அம்பாசமுத்திரத்து ஆலையின் மூலதனத்தில் அது பாதிகூட இல்லை. இப்போதைய விதிமுறையெல்லாம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பட்டியலானதால் அது மெயின்போர்டில் நிற்கிறது. அதே 4.24 கோடியோடு இன்று புதிதாக ஒரு நிறுவனம் வந்தால் எஸ்எம்இக்குத்தான் அனுப்பப்படும். எம்ஆர்எஃப்பைப் பெருமுதல் பட்டியலில் எழுதினால் மாணவர் கணக்கைப் பார்த்துவிட்டு நம் சொல்லை நம்பமாட்டார்.

அனுப்புநர்: வணிகவியல் ஆசிரியை, பாளையங்கோட்டை

எம்ஆர்எஃப் சான்றை நாளையே வகுப்பில் சொல்லப்போகிறேன். மெயின்போர்டுக்குப் பருமனைக் குறிக்காத பெயர் வேண்டும் என்று புரிகிறது. சிறுமுதல் பட்டியல் விலக்காக வைக்கப்பட்ட தனி ஏற்பாடு, மற்றவை எல்லாம் பொதுவானவை என்ற பொருளில் 'பொதுப்பட்டியல்' என்று சொல்லலாமா?

அனுப்புநர்: வழக்கறிஞர், தென்காசி

பொதுப்பட்டியல் என்றால் தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணைதான் நினைவுக்கு வரும். கல்வியைப் பொதுப்பட்டியலிலிருந்து மாநிலப் பட்டியலுக்கு மாற்றுவது பற்றி நாம் பேசாத நாளில்லை. 'பொதுப் பிரிவு' என்றாலும் இட ஒதுக்கீட்டுப் பேச்சாகிவிடும். இரண்டையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சட்டம் எஸ்எம்இ என்றே பெயரிட்டிருக்கும்போது 'நிறுவனம்' என்ற சொல்லை நாமாக நீக்கலாமா என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. மொழிபெயர்ப்பாளர் சட்டத்தைத் திருத்துகிறவர் அல்லர்.

அனுப்புநர்: பங்குத் தரகு நிறுவன ஊழியர், சென்னை (சொந்த ஊர் வள்ளியூர்)

முதலீடு செய்ய வருகிறவர்களோடு நாள்தோறும் பேசுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் திரையில் தேசியப் பங்குச் சந்தையின் எஸ்எம்இ பங்குகளுக்குப் பக்கத்தில் `SM` அல்லது `ST` என்று நிற்கும். அதைச் 'சின்ன கம்பெனி' என்று புரிந்துகொண்டு, சின்ன கம்பெனி என்றால் சின்னத் தொகை போதும் என்று சிலர் வருகிறார்கள். நடப்பதோ நேர்மாறு. மெயின்போர்டு வெளியீட்டுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் அளவில் விண்ணப்பிக்க முடியும். எஸ்எம்இ வெளியீட்டுக்கு இப்போது இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் வேண்டும். பின்பு விற்கும்போதும் லாட் கணக்கில்தான் விற்க முடியும், பத்துப் பங்கை மட்டும் விற்றுவிட்டு வர முடியாது. கணக்கு முடிவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வராது, ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். இந்தத் தவறான எதிர்பார்ப்புக்கு 'சிறு நிறுவனம்' என்ற பெயரும் ஒரு காரணம் என்பதால் சிறுமுதலை ஆதரிக்கிறேன்.

ஆனால் செயலர் அண்ணாச்சியிடம் ஒன்று கேட்க வேண்டும். 25 கோடியைத் தாண்டினால் மாறியாக வேண்டும் என்பதை 2025ஆம் ஆண்டுத் திருத்தம் தளர்த்தியிருக்கிறதே. மெயின்போர்டு நிறுவனங்களுக்கு உரிய வெளிப்படுத்தல் கடமைகளை ஏற்றுக்கொண்டால், எஸ்எம்இயில் இருந்தபடியே மேலும் மூலதனம் திரட்டலாம் என்கிறது அது. அப்படி ஒரு நிறுவனம் 40 கோடி மூலதனத்தோடு அங்கேயே நின்றால், அதைச் சிறுமுதல் பட்டியல் என்று எப்படிச் சொல்வது?

அனுப்புநர்: நிறுவனச் செயலர், திருநெல்வேலி டவுண்

தம்பி சொல்வது சரி, அந்தத் தளர்வை நான் விட்டுவிட்டேன். நுழையும்போது என்ன மூலதனம் இருந்தது என்பதை மட்டும்தான் சிறுமுதல் குறிக்கும், இன்றைய நிலையை அது உறுதிசெய்யாது. 'நுழைவு' என்ற சொல்லைச் சேர்த்தால் பெயர் நீண்டுவிடுகிறது. வழக்கறிஞரின் தயக்கத்துக்கும் இன்னும் என்னிடம் முழு விடையில்லை.

அனுப்புநர்: வணிகவியல் ஆசிரியை, பாளையங்கோட்டை

அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்குகிறது. இப்போதைக்கு 'சிறுமுதல் பட்டியல் (எஸ்எம்இ)' என்று எழுதி, முகமதிப்பில் 25 கோடி வரையிலான மூலதனத்தோடு நுழைந்தவை என்ற விளக்கத்தைச் சேர்க்கிறேன். மெயின்போர்டை 'மெயின்போர்டு' என்றே விட்டுவிட்டு, எதிரே உள்ள கட்டத்தைக் காலியாக வைக்கிறேன். அடுத்த பதிப்புக்குள் சொல் கிடைத்தால் எழுதுங்கள்.