மதியத்துக்குள் கூட்டு புளித்துப் போகிறது, உதவுங்கள்

மதுரையில் நாங்கள் ஐந்து பெண்கள் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு செய்து 42 பேருக்கு மாதச் சந்தாவில் கொடுக்கிறோம். புதிதாகச் சேர்பவர்களிடம் போனில் சொல்வது ஒன்றுதான்: "காலையில் அரைத்து, காலையில் சமைத்தது. இரண்டு வாரத்துக்கு ஒரே கூட்டு திரும்ப வராது." அந்த முதல் வாக்கியத்தைச் சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

மூன்று வாரமாக, தேங்காய் அரைத்து ஊற்றும் கூட்டு மட்டும் 12.30 மணிக்குள் கெட்டுவிடுகிறது. மூடியைத் திறந்ததும் புளித்த வாடை, ஓரத்தில் சின்னச் சின்ன நுரை. கரண்டியில் எடுத்தால் லேசாக நூல் விடுகிறது. அதே கேரியரில் போகும் ரசமும் பொரியலும் நன்றாகவே இருக்கின்றன.

7.30க்குக் கூட்டை இறக்குகிறோம். பெரிய அலுமினியக் குண்டானில் மூடியே இருக்கும். 9.45க்கு எவர்சில்வர் கேரியரில் கட்டுகிறோம். அப்போதும் தொட்டால் வெதுவெதுப்புதான்.

தேங்காயை அன்றன்றைக்கே உடைத்துப் பார்த்தோம். கேரியர்களை வெந்நீரில் போட்டு வெயிலில் காயவைத்தோம். விழுதை ஊற்றிய பிறகு ஒரு கொதியோடு இறக்காமல் ஐந்து நிமிடம் கொதிக்கவும் விட்டோம். அதில் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். சுழற்சியிலிருந்து தேங்காய்க் கூட்டையே எடுத்துவிடலாம், ஆனால் பலர் அதற்காகவே சந்தா கட்டுகிறார்கள்.

அந்த இரண்டே கால் மணி நேர வெதுவெதுப்புதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்துக் கட்டுவதா, 9.30க்கு இறக்கிக் கொதிக்கக் கொதிக்கக் கட்டுவதா, உங்கள் அனுபவத்தில் எது தாங்குகிறது?