அக்கா கல்யாணமும் சி.ஐ.ஏ. டெஸ்டும் ஒரே வாரத்தில்: துறைக்குக் கொடுத்த கடிதம், உங்கள் அனுபவம் என்ன?

வரலாற்றுத் துறை, திருச்சி

ஆடியில் நம் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. தள்ளிவைத்த முகூர்த்தமெல்லாம் ஆவணியில் வந்து குவியும். ஜூனில் திறந்த கல்லூரிக்கு முதல் சி.ஐ.ஏ. டெஸ்டும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரம் என்றுதான் வரும். எங்கள் துறையில் டெஸ்ட் பொறுப்பு என்னிடம் இருப்பதால் "அக்கா கல்யாணம், டெஸ்டைத் தள்ளிவையுங்கள்" என்ற கடிதம் வருஷா வருஷம் என் மேஜைக்கு வருகிறது. அதில் ஒன்றைச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டு பி.ஏ. வரலாறு, தமிழ் வழி மாணவி. கூடப் பிறந்த அக்காவுக்கு வியாழன் காலை 7.30 முதல் 9 முகூர்த்தம், புதன் மாலை மாப்பிள்ளை அழைப்பு. மண்டபம் குளித்தலை பக்கம். டெஸ்ட் அட்டவணையில் புதன் பிற்பகல் முதன்மைப் பாடம், வியாழன் முற்பகல் பகுதி 1 தமிழ். முதலில் அவள் கொடுத்த கடிதத்தில் "இந்த வார டெஸ்டை அடுத்த வாரத்துக்கு மாற்றித் தருமாறு" என்று இருந்தது. கூடவே வகுப்பில் பாதிப்பேர் கையெழுத்து. ஹெச்.ஓ.டி. படித்துவிட்டு முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் மறுத்ததில் நியாயம் இருக்கிறது. பகுதி 1 தமிழும் பகுதி 2 ஆங்கிலமும் எங்கள் துறைக்கு மட்டும் நடப்பதில்லை. நாலைந்து துறைப் பிள்ளைகள் ஒரே நேரத்தில், கலந்து உட்கார்ந்து எழுதுகிறார்கள். அந்த நேரத்தை வரலாற்றுத் துறைத் தலைவரால் அசைக்க முடியாது. அவர் கையில் இருப்பது முதன்மைப் பாடம் மட்டும்தான். கடிதமோ இரண்டையும் சேர்த்து அவரிடமே கேட்டது.

அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, டெஸ்டை மாற்றச் சொல்லாதே, உனக்கு மட்டும் வேறொரு நாள் எழுத அனுமதி கேள் என்றேன். மறுபடி எழுதி வந்த கடிதம் இது. பெயர், எண், தேதிகளை எடுத்துவிட்டேன்.

*பெறுநர்: துறைத்தலைவர், வரலாற்றுத் துறை. வழி: வகுப்பு ஆசிரியர்.*
*பொருள்: முதல் சி.ஐ.ஏ. டெஸ்டில் இரண்டு தாள்களை வேறு நாளில் எழுத அனுமதி வேண்டுதல்.*
*மதிப்பிற்குரிய அம்மா, என் உடன்பிறந்த அக்காவின் திருமணம் வியாழன் காலை நடைபெறுகிறது. அழைப்பிதழ் இணைத்துள்ளேன். இதனால் புதன் பிற்பகல் முதன்மைப் பாடத் தாளையும், வியாழன் முற்பகல் பகுதி 1 தமிழ்த் தாளையும் எழுத இயலாது. செவ்வாய், வெள்ளி, சனி டெஸ்டுகளை வழக்கம்போல் எழுதுவேன். விடுபடும் முதன்மைப் பாடத்தை அடுத்த திங்கள் அல்லது செவ்வாய் மாலை 3 மணிக்குப் பிறகு எழுத அனுமதிக்கவும், தமிழ்த் தாளுக்கு என் விண்ணப்பத்தைத் தமிழ்த்துறைக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறேன்.*
*இப்படிக்கு, (மாணவி), (பெற்றோர் கையெழுத்து, கைபேசி எண்)*

இந்தக் கடிதத்துக்கு அன்று மாலையே கையெழுத்து கிடைத்தது. எந்தெந்தத் தாள் என்று துல்லியமாக இருக்கிறது. மற்ற நாள்களுக்கு வந்துவிடுவேன் என்று அவளே சொல்லிவிட்டாள், அதுவும் கல்யாணத்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமைக்கே. அதைப் படித்ததும் ஹெச்.ஓ.டி.யின் முகமே மாறிவிட்டது. மாற்று நாளும் மதிப்பெண் ஏற்றும் கடைசித் தேதிக்கு முன்னால் இருந்தது. முதன்மைப் பாடத்தைத் திங்கள் மாலை எழுதினாள். தமிழ்த்துறை, என்.சி.சி. முகாமுக்குப் போனவர்களுக்காக வைத்திருந்த ரீடெஸ்டில் அவளையும் சேர்த்துக்கொண்டது.

உங்கள் கல்லூரியில் எப்படி நடந்தது, எழுதுங்கள்.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு

எங்களுக்கு மறுத்துவிட்டார்கள் மேடம். அண்ணன் கல்யாணம். ரீடெஸ்ட் என்றால் ஹாஸ்பிட்டல் சீட்டு வேண்டும், பத்திரிகையை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, 2021 ரெகுலேஷன். இன்டர்னல் 40 மார்க். இரண்டு அசெஸ்மென்ட், ஒவ்வொன்றிலும் எழுத்து டெஸ்டுக்கு 60, அசைன்மென்டுக்கு 40. ஒரு எழுத்து டெஸ்டை விட்டால் மொத்தம் 200-ல் 60 போகும், அதாவது 40-க்கு 12.

எனக்கு 30 வரவேண்டிய பேப்பரில் 18-தான் வந்தது. 30 இருந்தால் செமஸ்டரில் 60-க்கு 27, அந்த 45 சதவீதக் குறைந்தபட்சத்தைத் தொட்டாலே பாஸ். 18 என்றால் மொத்தம் 50 ஆக 32 எடுக்க வேண்டும். எடுத்துவிட்டேன், ஆனால் கிரேடு இறங்கிவிட்டது. அண்ணன் கல்யாணத்தில் நான் இல்லாமல் இருக்க முடியுமா? இன்னும் வருத்தம்தான்.

கோவை சரவணம்பட்டி

தம்பி, 75 சதவீத அட்டெண்டன்ஸ் இருந்தால் யாரும் கேட்க முடியாது. அதற்குக் கீழே போனாலும் 65 வரைக்கும் கண்டோனேஷன் கட்டிச் சமாளிக்கலாம். கல்யாண லீவை அதில் காட்டினால் டெஸ்டும் தானாக வந்துவிடும்.

வரலாற்றுத் துறை, திருச்சி

75, 65 என்ற கணக்கு சரிதான். ஆனால் கண்டோனேஷன் உடம்பு சரியில்லாதவர்களுக்கும், விளையாட்டு மாதிரி முன் அனுமதியோடு போனவர்களுக்கும்தான். கல்யாணம் அதில் வராது. அப்புறம், அட்டெண்டன்ஸ் வேறு, டெஸ்ட் வேறு. 95 சதவீதம் இருந்தாலும் டெஸ்ட் அன்று வரவில்லை என்றால் அந்த மார்க் பூஜ்யம்தான். அந்த மெக்கானிக்கல் தம்பிக்கு அதுதானே நடந்திருக்கிறது.

கரூர்க்காரர்

நான் எழுதிய காலத்தில் இதெல்லாம் கேட்கவே முடியாது. தங்கை கல்யாணத்தன்று யுனிவர்சிட்டி எக்ஸாம். தாலி கட்டியதும் மண்டபத்திலிருந்து நேராக பஸ் ஏறி, பட்டு வேட்டியோடு போய் எழுதினேன். யுனிவர்சிட்டி தேதியை ஒருவருக்காக மாற்றுவார்களா?

வரலாற்றுத் துறை, திருச்சி

மாற்ற மாட்டார்கள் ஐயா. செமஸ்டர் தேர்வுக்குக் கடிதமே கிடையாது, விட்டால் அரியர், அடுத்த முறைதான் எழுத முடியும். நான் சொல்வது கல்லூரிக்குள் நடக்கும் இன்டர்னல் டெஸ்ட். அதில்தான் துறைக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது.

அலுவலக உதவியாளர், மதுரை

கல்லூரி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். வாய்வார்த்தையை நம்பி ஊருக்குப் போய்விடாதீர்கள். எங்களிடம் ஒரு பெண், "சரிம்மா, போய்ட்டு வா" என்று துறைத்தலைவர் சொன்னதை வைத்துக்கொண்டு போய்விட்டது. திரும்பி வருவதற்குள் அந்தப் பாடம் எடுத்த மேடம் பிரசவ லீவில் போய்விட்டார். புதிதாக வந்தவர் பதிவேட்டைப் பார்த்து ஆப்சென்ட் என்று ஏற்றிவிட்டார். ஏற்றிய மார்க்கைத் திருத்த முதல்வர் வரைக்கும் போக வேண்டியிருந்தது. கடிதத்திலேயே "திங்கள் மாலை எழுத அனுமதிக்கலாம்" என்று எழுதித் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஒரு ஜெராக்ஸ் உங்களிடம், ஒன்று பாட ஆசிரியரிடம்.

கெமிஸ்ட்ரி லெக்சரர்

மாணவர்களுக்குத் தெரியாத ஒரு பக்கம் இருக்கிறது. ஒருவருக்கு ரீடெஸ்ட் என்றாலும் புது வினாத்தாள் வேண்டும். பழைய தாளைக் கொடுக்க முடியாது, அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒவ்வொரு கேள்வியும் எந்தக் கோர்ஸ் அவுட்கமுக்கு, எந்த நிலையில் என்று குறித்து, விடைக்குறிப்பும் தயாரித்து, ஸ்க்ரூட்டினிக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒரு பிள்ளைக்காக இதையெல்லாம் முதலிலிருந்து செய்கிறோம். டெஸ்டுக்கு முந்தைய நாள் கடிதத்தை நீட்டினால் ஆசிரியர் சுளிப்பது இதனால்தான். முகூர்த்தத் தேதி இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே தெரியும், பத்திரிகையும் அடித்துவிடுகிறார்கள். அப்போதே கொடுத்தால், முதல் தாள் தயாரிக்கும்போதே இரண்டாவதையும் சேர்த்துத் தயாரித்துவிடுவேன்.

இன்னொன்று, முதலில் கல்லூரிக் கையேட்டைப் பாருங்கள். எங்களிடம் மூன்று டெஸ்டில் சிறந்த இரண்டுதான் கணக்கு. ஒன்றை விட்டால் எதுவும் போகாது, கடிதமே தேவையில்லை. மற்ற இரண்டையும் நன்றாக எழுதினால் போதும்.

வகுப்புப் பிரதிநிதி, நாகர்கோவில்

கையெழுத்து வாங்கிய விஷயத்தைப் பற்றி எழுதணும். எங்கள் வகுப்பில் ஒரு தோழிக்காக எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், துறையும் டெஸ்டை வெள்ளியிலிருந்து திங்களுக்கு மாற்றியது. ஹாஸ்டல் பிள்ளைகள் வெள்ளி இரவு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்திருந்தார்கள். சனி, ஞாயிறு படிக்க வேண்டுமென்று அதை ரத்து செய்தார்கள். கல்யாணமோ பெரியப்பா பையனுக்கு. அதற்கு இத்தனை பேர் அலைய வேண்டுமா என்று அப்போதே இரண்டு பேர் சண்டை போட்டார்கள். கூடப் பிறந்தவர் என்றால் சரி, பெரியப்பா பையனுக்கும் கேட்கலாமா?

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு

எங்கள் வீட்டில் பெரியப்பா பையனும் அண்ணன்தான். ஒரே வீட்டில் வளர்ந்தோம். உறவுக்கு யார் கோடு போடுவது?

வரலாற்றுத் துறை, திருச்சி

எங்கள் துறையில் உடன்பிறந்தவர் கல்யாணம் என்றால் மட்டும் தனி டெஸ்ட் என்று வைத்திருக்கிறோம். பக்கத்துத் துறையில் அப்படி எதுவும் இல்லை, ஆளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். எங்கள் துறைக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து உண்டு. ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளை வந்து நின்றால் நான் பரிந்துரை எழுதுவேன். ஆனால் முழு வகுப்புக்கும் தேதி மாற்றுவதை எந்த உறவுக்காகவும் நான் ஏற்க மாட்டேன். நாகர்கோவில் பிள்ளைகள் பட்டதைப் பாருங்கள்.

புதுக்கோட்டை அப்பா

என் பெரிய மகளுக்கு ஆவணியில் வைத்திருக்கிறோம். சின்னவள் பி.காம். முதலாம் ஆண்டு. அவளுக்கு முகூர்த்தத்தன்று டெஸ்ட் இல்லை, மறுநாள் மறுவீடு அன்றுதான் இருக்கிறது. பாடம் அலைடு என்கிறாள். மறுவீட்டுக்கு லீவு கேட்டால் கொடுப்பார்களா மேடம்? கடிதம் யாருக்கு எழுதுவது?

வரலாற்றுத் துறை, திருச்சி

அலைடு பாடத்தை வேறு துறை ஆசிரியர் எடுக்கிறாரா, வணிகவியல் துறையே எடுக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள் சார். கடிதம் எப்படியும் வணிகவியல் துறைத்தலைவர் பெயருக்குத்தான், வகுப்பு ஆசிரியர் வழியாகப் போகட்டும். வேறு துறை எடுத்தால் அவர்களுக்குப் பரிந்துரைக்கும்படி ஒரு வரி சேர்க்க வேண்டும். ஆனால் மறுவீட்டுக்குக் கிடைப்பது கஷ்டம். பத்திரிகையில் அந்தத் தேதியே இருக்காதே, எதை இணைப்பீர்கள்? டெஸ்ட் முற்பகல் என்றால் எழுதிவிட்டு மதியம் மறுவீட்டுக்கு வரமுடியுமா என்று பாருங்கள்.

புதுக்கோட்டை அப்பா

முற்பகல்தான், 11.30-க்கு முடியும் என்கிறாள். சம்பந்தி வீடு அறந்தாங்கி. மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். அலைடு யார் எடுக்கிறார்கள் என்றும் கேட்டுச் சொல்கிறேன் மேடம்.