புதுப்பிப்பு: கிளிநொச்சிக் கிணற்று நீரில் புளோரைட்டு குறைவாக வந்தது

நான் முதல்ல கேட்டது: "அயன் குரோமற்றோகிராபியில கிணற்று நீரை அளக்கிறன். 0.50 மி.கி./லீற்றர் புளோரைட்டு சேர்த்தாலும் 0.35 தான் காட்டுது. பிழை கொலத்திலயா, சப்ரசரிலயா?"

எல்லாருக்கும் நன்றி. கொலம் சரி.

சப்ரசரைப் பார்க்கச் சொன்ன தம்பி பாதி சரி. அமிலம் வாற குழாய் மடிஞ்சு கிடந்தது. நிமிர்த்தினதும் பின்னணிக் கடத்துதிறன் 31 இலிருந்து 17 மைக்ரோசீமனுக்கு இறங்கினது. ஆனா புளோரைட்டு 0.38 தான்.

உண்மையான காரணம் அக்கா சொன்ன நீர்ப்பள்ளம். காபனேற்று எலுவன்ட் சப்ரசரில காபோனிக் அமிலமாகி, கொஞ்சம் கடத்தும். மாதிரியோட வாற தண்ணி அதையும்விடக் குறைவாக் கடத்துறதால கோடு கீழ விழுந்து, புளோரைட்டு பீக்கின்ர முன்பக்கத்தைத் தின்னுது. 100 மடங்கு செறிந்த எலுவன்டில 1 மி.லீ. எடுத்து 100 மி.லீ. மாதிரிக்கு விட்டதும் பள்ளம் மறைஞ்சு 0.49 வந்தது.

எதிர்பாராதது: முதல்ல மாதிரிக்கு மட்டும் விட்டதால 0.60க்கு ஏறினது. நியமக் கரைசல்களுக்கும் வெற்று நீருக்கும் அதே அளவு விடவேணும், அப்பதான் அந்த 0.49 வந்தது.

ஐதரொட்சைட்டு எலுவன்டில இந்தப் பள்ளம் அநேகமா வராது எண்டு அண்ணை சொன்னது உண்மை, ஆனா எங்கட கொலம் காபனேற்றுக்கானது. ஆர்.ஓ. பூட்டச் சொன்னவருக்கு: நான் கேட்டது அளக்கிறதைப் பற்றி.

ஒரு கிணற்றில மட்டும் பீக்குக்கு இன்னும் தோள் இருக்கு. அசற்றேற்று எண்டு சந்தேகம்.