கடைசிச் சுற்றில் அம்பயர் போஸ்டிங்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

எட்டாம் நம்பர் பேட்ஸ்மேன்

மாவட்ட லீக், இரண்டாம் டிவிஷன், கடைசி ஞாயிறு. தோற்றால் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டியதுதான். ஆட்டம் மலையடிவாரத்து மைதானத்தில், அந்த ஊர் அணியுடன். வெள்ளிக்கிழமை இரவு போஸ்டிங் வந்தது. ஒருவர் ரயில்வேக்காரர். இன்னொருவர் அதே ஊர்க்காரர், அந்த அணிக்கே ஒரு காலத்தில் கேப்டன்.

எங்கள் பக்கம் நின்று ஆடிக்கொண்டிருந்த ஒரே ஆள் வலது கை ஆட்டக்காரன். இடது கைச் சுழற்பந்து, ஓவர் த விக்கெட். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே, மேட்டிங் விரிப்பின் ஓரத்துத் தையலை ஒட்டிக் குத்தித் திரும்பிக் காலில் பட்டது. நான் எதிர்முனையில் அம்பயருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அப்பீல் சத்தம் அடங்குவதற்குள் விரல் மேலே போய்விட்டது. பந்து போட்டவனே ஒரு கணம் திகைத்துவிட்டு அப்புறம்தான் குதித்தான்.

அவர் மனதறிந்து தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அதை இனி யாராலும் நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இப்படிப் போஸ்டிங் போட்டவரைத்தான் கேட்க வேண்டும்.

நியூட்ரல் நாராயணன்

இதற்கெல்லாம் ஐசிசி எப்போதோ வழி கண்டுவிட்டது. டெஸ்டானாலும் ஒருநாள் ஆட்டமானாலும் இரண்டு நடுவர்களும் வெளிநாட்டவர்தான். நாமும் பக்கத்து மாவட்டத்திலிருந்து அம்பயர்களை வரவழைத்தால் ஒரு பேச்சும் எழாது.

முன்னாள் போஸ்டிங் செயலாளர்

நாராயணன் சார், பாதிதான் சரி. டெஸ்டில் 1994இலிருந்து ஒருவர், 2002இலிருந்து இருவரும் நடுநிலை நாட்டவர். ஒருநாள் ஆட்டத்தில் ஒருவர் உள்நாட்டுக்காரராகவே இருப்பார். 2020இல் கொரோனா வந்து பயணம் நின்றபோது டெஸ்டுக்கே உள்நாட்டு நடுவர்களை வைத்துக்கொள்ளலாம் என்று ஐசிசி விட்டுக்கொடுத்தது. அவ்வளவு பணமிருக்கும் இடத்திலேயே பயணம் என்று வந்தால் நடுநிலைதான் இறங்கிப் போனது. பக்கத்து மாவட்டத்து ஆளுக்குப் பயணப்படி யார் கொடுப்பது? நம் லீக்கில் பந்து வாங்கவே சந்தா வசூலிக்கிறோம்.

எட்டாம் நம்பர் தம்பிக்கு: அந்த ஞாயிறு நடந்ததை என்னால் ஊகிக்க முடிகிறது. இதே சிக்கலை என் மேசையிலும் பார்த்திருக்கிறேன். ஒரு சின்னக் கணக்காகவே சொல்கிறேன்.

மூன்று ஆட்டங்கள், ஆறு அம்பயர்கள் வேண்டும். முகூர்த்த நாளாக இருந்தால் பட்டியலில் பாதிப் பேர் கல்யாண வீட்டில் இருப்பார்கள். மிஞ்சியது ஆறே பேர் என்று வையுங்கள்: கார் வைத்திருக்கும் வங்கிக்காரர், பைக்கில் வரும் ரயில்வேக்காரர், பி.டி. ஆசிரியர், ஆலையில் வேலை செய்பவர், மலையடிவாரத்து ஊர்க்காரர், புதிதாகத் தேர்வு எழுதி வந்த பையன் ஒருவன். நகரத்தில் இரண்டு மைதானம். முதல் ஆட்டம் ஆலை அணியுடையது, இரண்டாவது கல்லூரி அணியுடையது. மூன்றாவது மலையடிவாரத்தில்.

ஆட்டம் 9 மணிக்கு என்றால் விதிப்படி 45 நிமிடம் முன்னதாக, 8.15க்கு அம்பயர் மைதானத்தில் இருக்க வேண்டும். நகரத்திலிருந்து முதல் பஸ் அங்கே போய்ச் சேரும்போது டாஸே முடிந்திருக்கும். ஆகவே சொந்த வண்டி இருப்பவர்தான் போக முடியும். வண்டி வைத்திருக்கும் மூன்றாவது ஆள் பி.டி. ஆசிரியர், அவருடைய மகன் அங்கே ஆட வரும் அணியில் இருக்கிறான். ஆக, அந்த மைதானத்துக்குத் தகுதியானவர்கள் வங்கிக்காரரும் ரயில்வேக்காரரும் மட்டுமே.

செயலாளர்கள் பெரும்பாலும் என்ன செய்வார்கள்? பட்டியலை மேலிருந்து கீழே நிரப்புவார்கள். ஆலை அணி ஆட்டம் பெரியது, அங்கே மூத்தவர் வேண்டும் என்று வங்கிக்காரரை எழுதிவிடுவார்கள். கடைசி வரிக்கு வரும்போது ரயில்வேக்காரர் மட்டும் இருப்பார், கூட நிற்க ஆள் இருக்காது. உடனே உள்ளூர்க்காரருக்குப் போன் போகும்.

ஆள் கிடைப்பது எந்த ஆட்டத்துக்கு அரிதோ அதை முதலில் நிரப்ப வேண்டும். வங்கிக்காரரையும் ரயில்வேக்காரரையும் மலையடிவாரத்துக்கு எழுதி மூடிவிடுங்கள். அடுத்து ஆலைக்காரர்: ஆலை ஆட்டத்தில் அவர் நிற்க முடியாது, எனவே கல்லூரி ஆட்டம். பி.டி. ஆசிரியர் ஆலை ஆட்டத்துக்கு. மலையடிவாரத்து ஊர்க்காரர் சும்மா இருக்க வேண்டியதில்லை. நகரத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்காக அங்கிருந்து விடியற்காலையிலேயே பஸ் உண்டு, வந்து ஆலைக்காரரோடு நிற்கலாம். புதுப்பையன் மூத்தவரான பி.டி. ஆசிரியரோடு. அதே ஆறு பேர்தான், எல்லா ஆட்டமும் சுத்தம்.

கபடிக்காரன்

எங்கள் பக்கம் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஊர்த்திருவிழாப் போட்டி, ரெஃப்ரி ஒருவர், அம்பயர் இருவர், ஸ்கோரர்கள், எல்லோரும் ஒரே வேனில் வந்து இறங்குவார்கள். ஒருமுறை அந்த வேனை அனுப்பி வைத்ததே அரையிறுதியில் ஆடும் அணியின் புரவலர் என்று பிறகுதான் தெரிந்தது. போனஸ் கோட்டைத் தாண்டினானா இல்லையா என்று சண்டை வந்தபோது எதிரணிக்காரர் ஒருவர் கோர்ட்டைக் காட்டவில்லை, வேனைத்தான் கைகாட்டினார். விளக்குகளை அணைத்துவிட்டார்கள். பரிசுப் பணம் யாருக்குப் போனது என்று எனக்கு இன்னும் தெரியாது.



வெள்ளைத் தொப்பி

செயலாளர் ஐயா கணக்கு அழகாக இருக்கிறது. நானும் கார் வைத்திருக்கும் அம்பயர்தான், அதனால் கேட்கிறேன். வண்டி இருப்பவனுக்குத்தான் தூரத்து மைதானம் என்றால் சீசன் முழுக்க மலையடிவாரம் என் தலையில்தான். பஸ் கட்டணத்தைக் கணக்குப் பார்த்துப் பயணப்படி கொடுக்கிறீர்கள், அது பெட்ரோலுக்குப் போதாது. அது கூடப் போகட்டும். அந்த ஊர் அணியை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஓட்டல் முதலாளி முதல் விக்கெட் கீப்பர் வரை எல்லோரும் "வாங்கண்ணா" என்கிறார்கள். இப்போது நான் நடுநிலையா?

போன சீசனில் அவர்களுடைய ஓப்பனருக்கு ஒரு கேட்ச் பிஹைண்ட் கொடுத்தேன். நடந்து போகும்போது, "அண்ணா, நீங்களுமா?" என்றான். அந்த "நீங்களுமா" என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் அவர்களுடைய ஆள் என்று எப்போது முடிவு செய்தார்கள்?

கணக்குப் பித்தன்

தொப்பி சார் சொன்னதுதான் இதில் கடினமான முடிச்சு. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் நடுவர்கள் நால்வர் குழுவாக ஊர் ஊராகப் போகிறார்கள். மைக்கேல் ட்ரிக் என்பவரும் ஹகான் யில்டிஸ் என்பவரும் இதை ஒரு கணிதப் புதிராகவே வகுத்தார்கள். ஒவ்வொரு குழுவும் எல்லா அணிகளின் மைதானத்துக்கும் ஒருமுறையாவது போக வேண்டும். ஒரு அணியைப் பார்த்தால் சில சுற்றுகள் கழித்துத்தான் மறுபடி பார்க்கலாம். இவ்வளவையும் காத்துக்கொண்டு மொத்தப் பயணத் தூரத்தைக் குறைக்க வேண்டும். இடைவெளியை நீட்டினால் தூரம் ஏறும், தூரத்தைச் சுருக்கினால் அதே முகங்கள் திரும்பத் திரும்ப வரும். பதினாறு அணிகளுக்கே கணினி திணறுகிறது.

அதனால் செயலாளர் ஐயாவின் முறை ஒரு ஞாயிறுக்குச் சரி, சீசனுக்குப் போதாது. கலாசாலையில் படித்ததை வைத்து உபதேசம் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு தாளில் இடப்பக்கம் அம்பயர்கள், மேலே அணிகள் என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் ஒரு கோடு போட்டு வந்தாலே போதும். ஒரு கட்டத்தில் கோடுகள் குவிந்தால் அடுத்த முறை அவரை அங்கே அனுப்பக் கூடாது. இன்னொன்று: கடைசிச் சுற்றுகளில் ஆடும் இரண்டு அணிகளை மட்டும் பார்த்தால் போதாது. அந்த ஆட்டத்தின் முடிவால் பிழைக்கவோ இறங்கவோ போகும் மூன்றாவது அணியின் ஆளும் அங்கே நிற்கக் கூடாது. இதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

முன்னாள் போஸ்டிங் செயலாளர்

கட்டம் நானும் போட்டேன் தம்பி. வெள்ளி இரவு பத்து மணிக்கு "ஐயா, மாமனாருக்கு உடம்பு சரியில்லை" என்று ஒரு போன் வந்தால் அந்தக் கட்டத்தை எங்கே வைப்பது?

எட்டாம் நம்பர் பேட்ஸ்மேன்

மூன்றாவது அணி பற்றிச் சொன்னதும் பழைய போஸ்டிங்கை எடுத்துப் பார்த்தேன். அன்று நாங்கள் தோற்றதால் பிழைத்துக்கொண்ட அணிக்கு ரயில்வேக்காரரின் தம்பிதான் பயிற்சியாளர். நான் இதுவரை ஊர்க்காரரை மட்டும்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைத் தொப்பி

எல்பிடபிள்யூ கொடுத்தவர் யார் தம்பி, இருவரில்?